கொடைக்குப் போன இடத்தில் நின்றுபோன மாத்திரை: ஒரு நிகழ்வு ஆய்வு

தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் கிளினிக். இங்கே வருகிறவர்களில் பாதிக்கு மேல் திருநெல்வேலி பக்கத்துக்காரர்கள்தான், அதனால் மருத்துவம் படித்ததை விட 'காலு கயிறா துவளுது' என்றால் என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். இந்த நிகழ்வை எழுதலாமா என்று அந்த அக்காவிடமே கேட்டேன், "பேரப் போடாம எழுதுங்க தம்பி" என்றார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவம் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

வயது 56. வீட்டிலேயே இட்லி அவித்து விற்கும் தொழில். இரவு எட்டரைக்குப் படுத்து, இரண்டரைக்கு எழுந்து, மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, ஆறு மணிக்குள் சைக்கிள்காரப் பையன்களிடம் அண்டாவை ஏற்றிவிட வேண்டும். இருபது வருடமாக இதே நேரம்தான். இந்த நேரக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு இடத்தில் இது தேவைப்படும்.

முடக்கு வாதம் வந்து, ஒரு நிபுணரிடம் காட்டி, வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., அதற்கு ஃபோலிக் ஆசிட், கூடவே தினமும் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு என்று ஆரம்பித்தார்கள். ப்ரெட்னிசோலோன் 20 மி.கி.யில் தொடங்கி 10-க்கு இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. மெத்தோட்ரெக்சேட் பிடிக்க எட்டு, பத்து வாரம் ஆகும், அதுவரை வலியைத் தாங்க ஸ்டீராய்டு, பிறகு குறைத்து நிறுத்துவது என்பதுதான் திட்டம். ஆனால் அந்த 'பிறகு' வரவேயில்லை, ஏனென்றால் மறு பரிசோதனைக்குப் போக இட்லித் தொழிலில் ஒரு நாள் லீவு போட வேண்டும். பழைய சீட்டைக் காட்டினால் மெடிக்கலில் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள், கை விரலும் மடங்குகிறது, அப்புறம் எதற்கு டாக்டர்? இப்படியே பதினெட்டு மாதம் ஓடியிருக்கிறது.

சித்திரையில் ஊரில் அம்மன் கொடை. போகும்போது வாராந்திர மாத்திரையை எடுத்து வைத்தவர், தினசரி மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டார். ஊரில் வாங்கியிருக்கலாம். ஆனால் அங்கே சொந்தத்தில் ஒருவர், "அது ஸ்டீராய்டு, எலும்ப அரிச்சிரும், விட்டதே நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் முதல் பாதி ஒன்றும் பொய்யில்லை.

ஒன்பது நாள் ஊரில் இருந்தார். கொஞ்சம் அசதி, கொஞ்சம் வாய்க் கசப்பு, விரலில் வலி. பந்தியில் பரிமாறினார், சாமி கும்பிட்டார், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒன்பது நாள்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. 'நிறுத்தினேனே, ஒண்ணும் ஆகலையே' என்று என்னிடம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். கார்டிசால் என்பது நம் அட்ரீனல் சுரப்பி தானே சுரக்கும் ஸ்டீராய்டு. சும்மா இருக்கும்போது உடம்புக்கு அது கொஞ்சம்தான் தேவைப்படும், மாத்திரையால் மந்தமான சுரப்பி அரைகுறையாகச் சுரப்பதை வைத்தே நாளை ஓட்டிவிடலாம். காய்ச்சல், வாந்தி, பேதி, ஆபரேஷன் என்று ஏதாவது வந்து உடம்பு பல மடங்கு கேட்கும்போதுதான் கையிருப்பு இல்லை என்பது தெரியவரும். அக்காவுக்கு அது திரும்பி வரும் ரயிலில் தெரியவந்தது. ஒன்றரை நாள் பயணத்தில் ஏதோ சாப்பிட்டு, பேதி தொடங்கி, தாதரில் இறங்கும்போது நிற்க முடியவில்லை.

அன்று மதியம் வேறொரு கிளினிக்கில் இரண்டு பாட்டில் சலைன் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வாந்தியும் குமட்டலும் மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாள் வருவதுதான் என்று வீட்டிலும் நினைத்திருக்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு மகன் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். ரத்த அழுத்தம் 84/56. நாடி 118. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 62. பேதி நின்று ஐந்தாறு மணி நேரம் ஆகியிருந்தது, இரண்டு பாட்டில் உள்ளே போயிருந்தது, அதற்குப் பிறகும் பிரஷர் இந்த நிலை. எனக்கு உறுத்தியது இதுதான். வெறும் நீரிழப்பு என்றால் ஒரு லிட்டருக்கு மேல் ஏற்றினால் கொஞ்சமாவது ஏறி நிற்கும். ஏறிவிட்டு மறுபடி சரிந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

இரண்டாவதாக, முகம். நல்ல உருண்டை முகம், முழங்கைக்குக் கீழே கடுதாசி மாதிரி மெல்லிய தோல், அதில் நீலத் தழும்புகள். ஸ்டீராய்டு அதிகமாகப் போன உடம்பின் அடையாளம் இது. பாடப் புத்தகத்தில் கார்டிசால் கூடுதல் ஒரு அத்தியாயம், கார்டிசால் குறைவு வேறொரு அத்தியாயம். நிஜத்தில் இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கும். வெளியே தெரிவது போன வருடம் விழுங்கிய மாத்திரை, உள்ளே நடப்பது இன்றைய வறட்சி. உள்ளங்கை ரேகையில் கருமை இல்லை. அட்ரீனல் சுரப்பியே நோயால் அழிந்திருந்தால் தோல் கறுக்கும், ஸ்டீராய்டால் தூங்கிப்போன சுரப்பியில் அது வராது, ஆகவே கறுப்பு இல்லை என்பதால் கார்டிசால் குறைவு என்ற சந்தேகம் விலகிவிடாது.

"தினம் போடுற மாத்திரை எங்கக்கா?"

"அது விட்டு பத்து, பன்னெண்டு நாளாச்சு தம்பி. அது கெடுதல்னாங்களே."

அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆஸ்துமாக்காரர்களுக்காக வைத்திருக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. குப்பியை எடுத்தேன். நரம்பில் ஊசி ஏற்றும்போதே முதலில் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த நொடியே மருந்தைச் செலுத்தினேன். இந்த வரிசை முக்கியம். ஹைட்ரோகார்ட்டிசோன் என்பது கார்டிசாலேதான், உள்ளே போன பிறகு எடுக்கும் ரத்தத்தில் நாம் போட்டதைத்தான் அளக்க முடியும். ஆனால் குழாய் கிடைக்கவில்லை, லேப் பூட்டியிருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. சந்தேகம் தவறாக இருந்தாலும் ஒரு டோஸ் யாரையும் கொல்லாது, சந்தேகம் சரியாக இருந்து காத்திருந்தால் கொன்றுவிடும். சர்க்கரைத் தண்ணீரும் சலைனும் ஓட ஓடவே டாக்ஸியில் ஏற்றி, பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கூடவே போனேன். அரை மணி நேரத்தில் மேல் பிரஷர் 100-ஐத் தாண்டியது, அக்கா கண்ணைத் திறந்து மருமகளிடம் மாவு அரைத்தாயிற்றா என்று கேட்டார்.

அறிக்கையில் சோடியம் 127, பொட்டாசியம் 4.2, கார்டிசால் 1.6 மைக்ரோகிராம். மாலை ஏழு மணிக்கு எடுத்தது, மாலையில் எல்லோருக்கும் கார்டிசால் இறங்கித்தானே இருக்கும் என்று வார்டில் ஒரு இளம் டாக்டர் கேட்டார். நல்ல கேள்வி. நன்றாக இருக்கிற ஆளுக்கு அது சரி. ஆனால் பிரஷர் 84-ல் கிடக்கும் உடம்பு மணி பார்க்காது, இருக்கிற கார்டிசாலை எல்லாம் அள்ளிக் கொட்டும், எண்ணிக்கை இருபதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் 1.6 என்றால் பெட்டி காலி.

பொட்டாசியம் ஏன் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'பொட்டாசியம் நார்மல், ஆகவே அட்ரீனல் பிரச்சினை இல்லை' என்று தள்ளிவிடுகிற பழக்கம் இருக்கிறது. உப்பையும் பொட்டாசியத்தையும் கவனிக்கும் ஆல்டோஸ்டீரோனை அட்ரீனலின் வேறொரு அடுக்கு சுரக்கிறது, அது சிறுநீரகத்தின் பேச்சைக் கேட்டு நடப்பது, மூளைக்கு அதில் பெரிய பங்கு இல்லை. ப்ரெட்னிசோலோன் தூங்க வைப்பது மூளையிலிருந்து வரும் கட்டளையை மட்டும். அதனால் இவர்களுக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். சோடியம் மட்டும் இறங்கும், காரணம் கார்டிசால் இல்லாவிட்டால் சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. கார்டிசால் கொடுத்ததும் அந்தப் பிடி தளர்ந்து சிறுநீர் மளமளவென்று போகும், சோடியம் தானாகவே வேகமாக ஏறும். ஒரு நாளில் எட்டுப் பத்துக்கு மேல் ஏறினால் மூளைக்குக் கேடு. அங்கே நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தார்கள், நல்ல காரியம்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 50 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன், இரண்டாம் நாளிலிருந்து பாதியாக்கி, நான்காம் நாள் ப்ரெட்னிசோலோன் 10 மி.கி.யோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் சோர்ந்திருக்கும்போது மெத்தோட்ரெக்சேட் தேங்கிவிடும் என்பதால் அதை இரண்டு வாரம் நிறுத்தி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியான பிறகு தொடர்ந்தோம்.

இனிமேல்தான் உண்மையான வேலை. உயிர் காப்பது ஒரு ராத்திரி வேலை, மாத்திரையை நிறுத்துவது ஒரு வருட வேலை.

அக்காவுக்கும் மருமகளுக்கும் உட்காரவைத்துச் சொன்னேன். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி, அது ஏ.சி.டி.எச். என்ற கட்டளையை அனுப்பும், சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் அதைக் கேட்டு கார்டிசால் அரைக்கும். வெளியிலிருந்து தினமும் மாத்திரை வந்தால் கட்டளை நின்றுபோகும், கட்டளை இல்லாத சுரப்பி மாதக்கணக்கில் சுருங்கும். அக்கா உடனே பிடித்துக்கொண்டார்: "கடை மாவு வாங்கிட்டே இருந்தா வீட்டுக் கிரைண்டர் ஓடாமக் கெடந்து துரு புடிச்சிரும். அதானே?" அதேதான். கடைக்காரன் திடீரென்று கதவைச் சாத்தினால் காலையில் இட்லி இல்லை.

மூன்று, நான்கு வாரத்துக்குள் முடியும் கோர்ஸ் என்றால் இந்தத் துரு பிடிக்க நேரமில்லை. ஆஸ்துமாவுக்கு ஐந்து நாள் 40 மி.கி. கொடுத்தால் அப்படியே நிறுத்தலாம், அந்த நோய்க்காக வேண்டுமானால் குறைக்கலாம், சுரப்பிக்காகத் தேவையில்லை. பதினெட்டு மாதம் வேறு கதை. துரு போகும் வரிசையும் உண்டு. முதலில் விழிப்பது பிட்யூட்டரி, கட்டளை கூடுதலாகவே போகும், ஆனால் சுருங்கிய சுரப்பி இன்னும் பல மாதம் மந்தமாக இருக்கும். 1965-ல் கிரேபரும் லிடிலும் சகாக்களும் மாதாமாதம் அளந்து காட்டியது இதைத்தான், அவர்களின் நோயாளிகளுக்கு முழுமையாக மீள ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. இதைத் துரிதப்படுத்த மருந்து எதுவும் கிடையாது. நாம் செய்யக்கூடியது இரண்டே. சுரப்பிக்குக் கொஞ்சம் பசி எடுக்கும் அளவுக்கு வெளி மாத்திரையைக் குறைத்து வைப்பது, அது மீளும் வரை ஆளைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது.

உடம்பு ஒரு நாளில் தானே சுரப்பதற்குச் சமமான ப்ரெட்னிசோலோன் ஏறக்குறைய 4 முதல் 6 மி.கி. இந்த எண்ணுக்கு மேலே குறைப்பது வேறு விளையாட்டு, கீழே குறைப்பது வேறு விளையாட்டு. 40-லிருந்து 20 வரை வாரத்துக்கு 5 மி.கி. கூடக் குறைக்கலாம், நோய் திரும்புகிறதா என்பது ஒன்றுதான் கவலை. 10-க்குக் கீழே வந்தால் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வாரம். 1 மி.கி. மாத்திரை எங்கள் பக்கத்து மெடிக்கல்களில் எனக்குக் கிடைக்கவில்லை. 2.5 மி.கி. மாத்திரையை வாங்கி, வெட்டும் டப்பாவில் பாதியாக்கி, 1.25 கணக்கில்தான் ஓட்டினோம். காலையில் ஒரே வேளை. ராத்திரி போட்டால் விடியும் முன் எழ வேண்டிய கட்டளையை அது அமுக்கிவிடும்.

மே மாதம் 10, ஜூனில் 7.5, ஜூலையில் 5. ஜூன் நடுவில் உடம்பெல்லாம் வலி, அழுகை, எதிலும் பிடிப்பில்லை, "திரும்பவும் அதே மாதிரி ஆயிருமோ" என்று பயந்து வந்தார். கார்டிசால் குறைவா? இருக்க முடியாது. 7.5 மி.கி. உள்ளே போகிறது, அதுவே உடம்பின் அன்றாடத் தேவைக்கு மேல். பிரஷர் படுத்தும் நின்றும் ஒன்றாக இருந்தது, சோடியம் 138. மூட்டில் வீக்கமில்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறவில்லை, ஆக வாதமும் திரும்பவில்லை. மீதி இருப்பது ஸ்டீராய்டு விலகும்போது வரும் அவஸ்தை. நிறைய இருந்ததற்குப் பழகிய உடம்பு கொஞ்சம் குறைந்ததற்கே புலம்புகிறது. இதற்கு மாத்திரையை ஏற்றத் தேவையில்லை, ஆள் தாங்கவே முடியவில்லை என்றால் முந்தின படிக்குப் போய் இரண்டு வாரம் கழித்து இறங்கலாம். அக்கா அதே அளவில் பத்து நாள் பொறுத்தார், தணிந்தது.

ஆகஸ்டில் நல்ல மழை, சந்தெல்லாம் தண்ணீர், வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். இதற்காகவே ஜூலையில் ஒரு அட்டை எழுதிக் கொடுத்திருந்தேன். காய்ச்சல் வந்தால் 5 மி.கி. காலையும் மாலையும் என்று பத்தாக்குவது, காய்ச்சல் விட்ட மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் பழையபடி ஒரே வேளைக்கு வருவது. மாத்திரை வாந்தியில் போய்விட்டால் இன்னொன்று, அதுவும் போனால் மாத்திரையை நம்பாமல் தொடையில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசியைப் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு. மகனுக்கு ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் காட்டிப் பழக்கியிருந்தேன். மூன்று நாள் இரட்டை டோஸ் போட்டார், ஊசி தேவைப்படவில்லை. இந்த மாதிரி மூன்று நாள் ஏற்றுவதால் இதுவரை குறைத்தது வீணாகிவிடுமோ என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். ஆகாது.

அக்டோபரில் முதல் காலை கார்டிசால். முந்தின நாள் காலை மாத்திரை போட்டுவிட்டு, மறுநாள் ரத்தம் கொடுத்த பிறகே அன்றைய மாத்திரை என்று சொல்லியிருந்தேன். அறிக்கை 8.6 என்று வந்தது. எனக்கே ஆச்சரியம், ஐந்து மாதத்தில் இவ்வளவா? சந்தேகத்தில் போன் பண்ணினேன்.

"மாத்திர போட்டுட்டாக்கா போனீங்க?"

"மூணு மணிக்கே போட்டுட்டேனே. அடுப்பு பக்கம் போனா மறந்துரும்லா."

ப்ரெட்னிசோலோனும் கார்டிசாலும் உருவத்தில் அண்ணன் தம்பி, லேபில் பயன்படுத்தும் பல சோதனை முறைகளுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மாத்திரையும் சேர்ந்தே எண்ணிக்கையில் ஏறிவிடுகிறது. அதே வாரம் மாத்திரை போடாமல் மறுபடி எடுத்தோம். 3.1. அந்த 8.6-ஐ நம்பிக் குறைத்திருந்தால் இன்னொரு டாக்ஸிப் பயணம் நிச்சயம். கருத்தடை மாத்திரை போடுகிற பெண்களுக்கும் இந்த எண் பொய்யாக உயரும், அது வேறு காரணம், ரத்தத்தில் கார்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடிவிடுவதால்.

எண்ணைப் படிக்கும் விதம் எளிது. மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் கழித்து, காலையில், 10-க்கு மேல் இருந்தால் சுரப்பி மீண்டுவிட்டது, நிறுத்தலாம். 5-க்குக் கீழே என்றால் அதே சிறிய அளவில் தொடர்ந்து சில மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் பாதி வழி, சில வாரங்கள் கழித்து மறுபடி. ஐரோப்பிய, அமெரிக்க ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் 2024-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியிலும் இவைதான் எல்லைகள். சில லேப் நானோமோலில் கொடுக்கும், நம் மைக்ரோகிராமை ஏறக்குறைய 28-ஆல் பெருக்கிக்கொண்டால் சரி. நடுவில் மாட்டிக்கொண்டு நகராதவர்களுக்கு ஏ.சி.டி.எச். ஊசி போட்டு சுரப்பி எழுகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு, எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

3.1 என்பதால் 5 மி.கி.யிலேயே ஜனவரி வரை நின்றோம். ஜனவரியில் 6.4. நகர்கிறது, ஆனால் மெதுவாக. அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் ரத்தம் எடுத்த நேரம் கண்ணில் பட்டது, காலை 9.10. லேப் திறந்து, வரிசையில் உட்கார்ந்து, எடுத்த நேரம். நாம் சொல்லும் 'காலை எட்டு மணி' என்பது ஆறு, ஆறரைக்கு எழுகிறவனின் கணக்கு. கார்டிசால் உச்சம் தொடுவது விழிக்கும் நேரத்தை ஒட்டி, பிறகு மணிக்கு மணி சரியும். இரண்டரைக்கு எழுந்து இருபது வருடமாக அதே நேரத்தில் வாழ்கிற பெண்ணுக்கு ஒன்பது மணி என்பது கிட்டத்தட்ட நடுப்பகல். இத்தனை நாள் நான் சரிந்துகொண்டிருந்த எண்ணைத்தான் அளந்திருக்கிறேன். இதை அக்டோபரிலேயே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. சரியான நேரத்தில் எடுத்திருந்தால் அந்த 3.1 அப்போதே கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கலாம்.

லேபில் வேலை பார்க்கும் நம்ம பையன் ஒருவன் அந்தச் சந்திலேயே குடியிருக்கிறான். பிப்ரவரியில் ஒரு நாள் அவனை எழுப்பி நாலரை மணிக்கு, ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரை பக்கத்தில் வைத்தே எடுக்கச் சொன்னேன், உறைந்த பிறகு பிரித்து அதே லேபில் ஓட்டினார்கள். 8.9. ஆக நினைத்ததை விடச் சுரப்பி முன்னால் போய்விட்டது. இரவுக் காவலர், கால் சென்டர் பையன்கள், பால் பண்ணைக்காரர்கள் என்று நேரம் மாறி வாழ்கிற எல்லோருக்கும் இப்போது எழும் நேரத்தைக் கேட்டுத்தான் சீட்டு எழுதுகிறேன். இரவு ஷிஃப்டும் பகல் ஷிஃப்டும் வாராவாரம் மாறுகிறவர்களுக்கு அந்த ஒரு எண்ணை நம்பாமல் இரண்டு மூன்று முறை பார்ப்பது நல்லது.

பிப்ரவரி கடைசியில் 3.75. இப்போதுதான் உடம்பின் அன்றாடத் தேவை என்ற கோட்டுக்குக் கீழே வருகிறோம், ஜூனில் சொன்ன சமாதானம் இனி செல்லாது. மூன்றாம் வாரம் மறுபடி அசதியும் விரல் வலியும். இந்த முறை 'விலகும் அவஸ்தை' என்று தட்டிக்கழிக்காமல் எல்லாவற்றையும் பார்த்தேன். நின்றால் பிரஷர் இறங்கவில்லை, குமட்டல் இல்லை, எடை குறையவில்லை, சோடியம் சரி. ஆனால் இரண்டு விரல் மூட்டுகள் தொட்டால் சூடு, காலையில் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல், சி.ஆர்.பி. ஏறியிருந்தது. இது வாதம். ஸ்டீராய்டை ஏற்றியிருந்தால் இரண்டு நாளில் விரல் மடங்கியிருக்கும், பத்து மாத உழைப்பும் போயிருக்கும். நிபுணரிடம் அனுப்பினேன், மெத்தோட்ரெக்சேட்டை 20 மி.கி. ஆக்கினார். மாவு வழிக்க மருமகளை வைத்துவிட்டு ஆறு வாரம் அக்கா ஓட்டினார். ஒரே அசதி என்ற சொல்லுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள், மூன்றுக்கும் வேறு வேறு பதில், அதில் எது என்று மாத்திரை அளவும் மூட்டும் நின்று பார்த்த பிரஷரும்தான் சொல்லும்.

ஏப்ரல் தொடக்கத்தில் 2.5. மறுபடி சித்திரை, மறுபடி கொடை. போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை, சொன்னாலும் கேட்கிற ஆளில்லை. மாத்திரை இரண்டு இடத்தில், கைப்பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று. ஊசியும் குப்பியும் டிக்கெட் வைக்கும் பையில். அட்டையில் பெரிய தமிழ் எழுத்தில் 'ஸ்டீராய்டு எடுக்கிறவர், வாந்தி மயக்கம் என்றால் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100' என்று எழுதி, கீழே ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். போன வருடம் எலும்பு அரிக்கும் என்று சொன்ன அதே சொந்தக்காரரிடம் அக்கா அந்த அட்டையை நீட்டியிருக்கிறார், என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை, மருமகள் மட்டும் சிரித்தாள்.

திரும்பி வந்து மே முதல் வாரம், நாலரை மணி ரத்தம், முந்தின நாள் மாத்திரைக்குப் பிறகு 25 மணி நேரம். 11.7. அன்றோடு 2.5-ஐ நிறுத்தினோம். மயங்கி வந்த நாளிலிருந்து ஒரு வருடமும் சில நாட்களும்.

நிறுத்திய இரண்டாம் மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. எண் 10-ஐத் தாண்டிவிட்டது, மரத்துப் போகும் ஊசியோடு முடிகிற வேலை, கூடுதல் ஸ்டீராய்டு தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பல் டாக்டரிடம் கடந்த ஒரு வருடக் கதையைச் சொல்லிவிட்டு, அன்று மதியம் வரை அங்கேயே உட்காரவைத்து இரண்டு முறை பிரஷர் பார்க்கச் சொன்னேன். 124, 118. செப்டம்பரில் மறுபடி ஒரு முறை அளந்ததில் 13.2.

மகன் போன வாரம் அந்த ஊசிக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தான், காலாவதி ஆக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, வேறு யாருக்காவது ஆகட்டும் என்றான். வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன், அடுத்த மழைக்காலம் முடியட்டும்.